சேருமிடத்தைத் தொட்டுப் பார்: ஆயாவிடம் கற்ற காஞ்சிப் பட்டுத் தேர்வு

எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். என் ஆயா சின்ன வயதிலேயே தறிக்குப் பக்கத்தில் நின்றவள். அவளுடைய அப்பா நெய்வார். ஒரு பக்கக் கரையின் நாடாவை, அதாவது குறுக்கு நூலைச் சுமந்து ஓடும் கட்டையை, இவள் போட்டுக் கொடுப்பாள். உடலையும் கரையையும் தனித்தனிக் குறுக்கு நூலால் நெய்து தறியிலேயே கோக்கும் கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும், அந்த இரண்டாவது ஆள் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளையாகத்தான் இருக்கும். அதனால் பட்டுச் சேலையை அவள் கடையில் பார்த்துப் பழகவில்லை. அங்குலம் அங்குலமாக வளர்வதைத் தொட்டுப் பழகினாள்.

என் நிச்சயதார்த்தத்துக்குச் சேலை எடுக்கப் போவதற்கு ஒரு வாரம் முன்னால் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"கண்ணு, நீ கண்ணால பாத்து எடுத்தா கடைக்காரன் போட்டிருக்கிற லைட்டைத்தான் எடுப்ப. கைக்குக் கொஞ்சம் பழக்கிக்கிட்டு அப்புறம் போலாம்."

அந்த வாரம் அவள் சொல்லிக்கொடுத்ததையும், கடையில் நாங்கள் மூன்று சேலைகளைத் தொட்டுப் பார்த்துத் தேர்ந்த விதத்தையும் வரிசையாக எழுதுகிறேன். இது காஞ்சிபுரம் பட்டுக்கு மட்டும். பருத்திக்கும் பனாரஸுக்கும் தொட வேண்டிய இடங்கள் வேறு.

கையைத் தயார் செய்வது

முதல் நாள் நான் கைக்கு கிரீம் தடவியிருந்தேன். கழுவிவிட்டு வரச் சொன்னாள். கிரீமோ எண்ணெயோ இருந்தால் எல்லாத் துணியும் வழுவழுப்பாகவே தெரியும். சேலையிலும் கறை படும். ஈரம் முழுவதும் போகத் துடைக்க வேண்டும். நகம் பிசிறாக இருந்தால் வெட்டிவிட வேண்டும், இல்லையென்றால் பட்டு இழையை அது இழுத்துவிடும். ஆனால் கட்டைவிரல் நகத்தை ஒட்ட வெட்டிவிடாதே என்றாள். அதற்கு வேலை இருந்தது.

கையில் எந்த இடம் எதற்கு என்று ஒரு கணக்கு வைத்திருந்தாள். நூல் என்ன நூல் என்று அறிய உள்ளங்கை. ஜரிகையை அறிய மணிக்கட்டின் உள்பக்கம். நெசவு நெருக்கமா தளர்வா என்று அறிய விரல் நுனி. இரண்டு பகுதிகள் சேரும் இடத்தை அறிய கட்டைவிரல் நகம்.

மூன்று துண்டுப் பயிற்சி

ஆயா தன் பெட்டியிலிருந்து மூன்று துண்டுகளை எடுத்தாள். ஒன்று கிழிந்துபோன பழைய பட்டுச் சேலையின் துண்டு. ஒன்று பாலியஸ்டர் ரவிக்கைத் துணி. இன்னொன்று ஆர்ட் சில்க் என்று சொல்லி விற்றது, அதாவது விஸ்கோஸ். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி ஒவ்வொன்றாகக் கையில் வைத்தாள்.

முதலில் துணியை உள்ளங்கையில் வைத்து மூடி இருபது வரை எண்ண வேண்டும். பட்டு முதலில் லேசாகக் குளிரும்; பத்து எண்ணுவதற்குள் நம் கையின் சூட்டை வாங்கிக்கொள்ளும். பாலியஸ்டர் இருபது எண்ணி முடிக்கும்போது கையில் கசகசப்பைத் தரும். விஸ்கோஸ் குளிர்ச்சியாகவே இருக்கும், ஆனால் துவண்டு விழும். அதில் பட்டுக்குரிய பிடிமானம் இருக்காது.

அடுத்து அதே பிடியில் நன்றாகக் கசக்கிவிட்டுத் திறக்க வேண்டும். பட்டு மெதுவாக மூச்சு விடுவதுபோல விரியும், மெல்லிய சுருக்கம் மிஞ்சும். பாலியஸ்டர் ஒன்றும் நடக்காததுபோல் துள்ளி விரியும். விஸ்கோஸ் கசங்கியது கசங்கியபடியே கிடக்கும்.

கடைசியாகத் துணியை இரண்டாக மடித்து, ஒரு மடிப்பின் மேல் இன்னொன்றைத் தேய்க்க வேண்டும். பட்டின் மேல் பட்டு தேயும்போது லேசாகப் பற்றும், கொஞ்சம் தயங்கித்தான் நகரும். பாலியஸ்டர் வழுக்கிக்கொண்டு ஓடும்.

முதல் நாள் மூன்றில் ஒன்றைத்தான் சரியாகச் சொன்னேன், மூன்றாம் நாள் எல்லாவற்றையும். கண்ணைத் திறந்துகொண்டு தொட்டிருந்தால் மூன்று மாதம் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். நிறமும் பளபளப்பும் கைக்கு முன்னால் ஓடிப்போய் பதில் சொல்லிவிடுகின்றன.

இந்தப் பயிற்சியை வீட்டிலேயே முடிக்கச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. ஏ.சி. போட்ட கடையில் எல்லாத் துணியும் குளிர்ந்துதான் இருக்கும். முதல் தொடுகையில் தெரியும் குளிர்ச்சியை அங்கே நம்ப முடியாது. மூடிய கையில் எண்ணும்போது எவ்வளவு வேகமாகச் சூடாகிறது என்பதை மட்டுமே கவனிக்க வேண்டும், அதற்குக் கை முன்பே பழகியிருக்க வேண்டும்.

எது சேலை என்று தெரிந்துகொள்வது

நான்காம் நாள் ஆயா தன் கல்யாணச் சேலையைத் தரையில் விரித்தாள். அன்று அவள் சொன்னதுதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமானதாகப் பட்டது.

"இது ஒரு துணி இல்ல கண்ணு. உடல் ஒண்ணு, கரை ஒண்ணு, முந்தானை ஒண்ணு. தறியிலேயே சேத்து நெய்ஞ்சது. நடுவுல தொட்டா எல்லாச் சேலையும் நல்லாத்தான் இருக்கும். சேர்ற எடத்தத் தொடு."

நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. சாதாரணச் சேலையில் ஒரே ஊடை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஓடிப்போய்த் திரும்பும். கோர்வைச் சேலையில் அப்படி ஓடாது. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா என்று மூன்று நாடாக்கள். உடலின் ஊடை கரை தொடங்கும் இடம் வரை வந்து, கரையின் ஊடையோடு கைகோத்துக்கொண்டு திரும்பிவிடும். சேலை முழுவதும் ஒவ்வொரு ஊடைக்கும் இந்தக் கைகோப்பு நடக்கும். ஆயா சிறுமியாக நின்று செய்த வேலை இதுதான்.

முந்தானைக்கு இன்னொரு வேலை. உடல் நெய்து முடிந்ததும், முந்தானை நிறத்தில் வேறு பாவு நூல்களை எடுத்து, உடலின் பாவு நூல் ஒவ்வொன்றோடும் கையால் இணைப்பார்கள். கொஞ்ச தூரம் இரண்டு பாவும் சேர்ந்தே நெய்யப்படும், அப்புறம் உடலின் பாவு வெட்டப்படும். இதைப் பிட்னி என்கிறார்கள், பெட்னி என்பவர்களும் உண்டு. ஆயிரக்கணக்கான நூல்கள் என்பதால் அந்த இணைப்புக்கு மட்டுமே நிறைய நேரம் போகும்.

இந்த இரண்டும் கைக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரல் நகத்தை உடலிலிருந்து கரையை நோக்கிக் குறுக்கே மெதுவாக இழுத்தால், கோர்வை இருக்கும் இடத்தில் மெல்லிய வரப்பு ஒன்று தட்டும். சேலையைத் திருப்பிப் பின்பக்கம் தொட்டால் அது இன்னும் தெளிவாக இருக்கும். இரண்டு நிற ஊடைகளும் ஒன்றையொன்று வளைத்துத் திரும்பிய தடம் அது. உடலிலிருந்து முந்தானையை நோக்கி அதேபோல இழுத்தால், சேலையின் அகலம் முழுக்க ஒரு தடித்த பட்டை தட்டும். இரண்டு பாவும் ஒன்றாகக் கிடக்கும் இடம் என்பதால் அங்கே துணி கனமாக இருக்கும். அதைப் பிட்னி என்று தெரியாமல் நெசவுக் குறை என்று நினைத்து நல்ல சேலையைத் தள்ளிவைப்பவர்களை ஆயா பார்த்திருக்கிறாள்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கோர்வையோ பிட்னியோ இல்லாத சேலை மட்டமான சேலை என்று அர்த்தமில்லை. ஒரே நிறத்தில் உடலும் முந்தானையும் இருக்கும் சேலைக்குப் பிட்னி தேவையே இல்லை. இல்லாத வேலைக்குக் காசு கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கடையில்: முதலில் விரிக்கச் சொல்வது

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு கடைக்குப் போனோம். பெயர் வேண்டாம். கடையில் சேலையை மடித்து வைக்கும்போது முந்தானையும் கரையும் மேலே தெரிய, உடல் உள்ளே போய்விடும். அந்த மடிப்பில் நாம் பார்ப்பது ஜரிகையைத்தான். ஆயா பாயில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக, "தம்பி, முழுசா விரிச்சு, பின்பக்கம் மேல வர மாதிரி போடுப்பா" என்றாள். அந்தப் பையன் கொஞ்சம் திகைத்தான், ஆனால் விரித்தான்.

எனக்குப் பிடித்தவை என்று மூன்றை எடுத்து வைத்திருந்தேன்.

முதல் சேலை: வரப்பு இல்லாத கரை

மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை, அரக்கு முந்தானை. 19,500 ரூபாய். கோர்வை என்று சொன்னார்கள்.

கண்ணை மூடிக்கொண்டு நகத்தை இழுத்தேன். உடலிலிருந்து கரைக்குப் போனதே தெரியவில்லை, ஒரே சமதளம். கண்ணைத் திறந்து கரையைச் சாய்த்துப் பார்த்தேன். நேராகப் பார்த்தால் அரக்கு, சாய்த்தால் உள்ளே மஞ்சள் ஓடியது. உடலின் மஞ்சள் ஊடையே கரைக்குள்ளும் ஓடுகிறது என்பதற்கு அதுவே சாட்சி. கோர்வைக் கரையில் கரைக்கென்று தனி ஊடை இருப்பதால் உடலின் நிறம் உள்ளே வராது, கரை எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒரே நிறமாக நிற்கும்.

அப்புறம் ஆயா முந்தானை முனையில் தொங்கிய நூல்களைக் காட்டினாள். முந்தானை அரக்கு, தொங்கிய நூலோ மஞ்சள். குச்சம் கட்டுவதற்காக விட்டிருக்கும் அந்த நூல்கள் பாவு நூல்கள். பிட்னி போட்டிருந்தால் அவை முந்தானையின் நிறத்தில் இருக்க வேண்டும். மஞ்சளாக இருந்தால் உடலின் பாவே முந்தானை வரை ஓடியிருக்கிறது, ஊடையின் நிறத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். விரலால் தேடத் தெரியாதவர்கள்கூட இந்த ஒன்றைக் கண்ணால் பார்த்துவிடலாம். நான் அதற்கப்புறம் எந்தச் சேலையைப் பார்த்தாலும் முதலில் அந்த நூலின் நிறத்தைத்தான் பார்க்கிறேன்.

கையில் வைத்து எண்ணிப் பார்த்தபோது அது பட்டாகத்தான் தெரிந்தது. ஆயா சண்டை போடவில்லை. "சேலை நல்லாத்தான் இருக்கு தம்பி, கோர்வைன்னு மட்டும் சொல்லாத" என்று மடித்துக் கொடுத்துவிட்டாள்.

இரண்டாவது சேலை: விலகும் நூல்

பாசிப்பச்சை உடல், இரண்டு பக்கமும் குங்குமச் சிவப்புக் கரை. 32,000 ரூபாய். நகம் கோர்வையில் தட்டியது, பிட்னியிலும் தட்டியது. தொங்கும் நூல் சிவப்பு. எடை நன்றாக இருந்தது, கையில் எடுத்தால் சரசரவென்று சத்தம். நான் முடிவே செய்துவிட்டேன்.

ஆயா உடலின் ஒரு மூலையைப் பிடித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்தித் தேய்த்தாள். தேய்த்த இடத்தை என்னைத் தொடச் சொன்னாள். அந்த இடம் மட்டும் மெத்தென்று ஆகியிருந்தது, பக்கத்து இடம் விறைப்பாகவே இருந்தது. கஞ்சியோ பசையோ ஏற்றிய துணி அப்படித்தான். நெசவாளர்கள் பாவுக்குக் கஞ்சி போடுவது வழக்கம்தான், அதில் தப்பில்லை. நெசவின் தளர்வை மறைக்க மேலே ஏற்றிய விறைப்பு வேறு. அது ஒரு முறை கட்டி அவிழ்த்தால் போய்விடும்.

அடுத்து முந்தானைக்கு எதிர் முனையான உள்முனைப் பக்கம், இரண்டு கட்டைவிரலையும் ஒரு அங்குல இடைவெளியில் வைத்து, துணியை எதிரெதிர்த் திசையில் மெல்ல இழுத்தாள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினாள். நடுவில் நூல்கள் விலகி ஒரு கீற்று தெரிந்தது. விட்டதும் அது மூடிக்கொள்ளவில்லை. நெருக்கமாக நெய்த பட்டில் நூல் நகராது, நகர்ந்தாலும் விரலால் தட்டினால் கூடிவிடும். இப்படி விலகும் சேலை, கொசுவம் சொருகும் இடத்திலும் ஊசி குத்தும் இடத்திலும் சீக்கிரம் வாய் பிளக்கும்.

கோர்வையையும் அதேபோல, உடலை ஒரு கையிலும் கரையை மறு கையிலும் பிடித்து லேசாக இழுத்துப் பார்த்தோம். இரண்டு இடங்களில் வெளிச்சம் புள்ளியாக வந்தது. அங்கே நாடா போட்டவர் கைகோக்கத் தவறியிருக்கிறார். ஆயா அதை விரலால் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "யாரோ சின்னப் புள்ள தூங்கியிருக்கும்" என்றாள். தன் நினைவில் சொன்னாள் என்று எனக்குப் புரிந்தது.

இந்த இழுப்பை எப்போதும் மென்மையாக, உள்முனையில் மட்டும், விற்பவரிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். பலம் போட்டு இழுத்தால் எந்தப் பட்டும் விலகும், அப்புறம் யாருடைய குறை என்று சொல்ல முடியாது.

எடையும் சரசரப்பும் என்னை ஏமாற்றியதைப் பற்றி வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். பட்டு நூலின் மேல் பூச்சி விட்ட கோந்து ஒன்று உண்டு. அதை வேகவைத்து எடுக்கும்போது நூல் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, சில சமயம் நாலில் ஒரு பங்குகூட இழக்கும். அந்த இழப்பை வேறு பொருளை ஏற்றி ஈடுகட்டும் வழிகள் உண்டு. ஜரிகை கூடினாலும் எடை கூடும். ஆகவே எடை மட்டும் எதையும் நிரூபிக்காது. சரசரப்பும் அப்படியே: சாயம் போட்ட நூலை லேசான புளிப்பு நீரில் அலசினால் அந்தச் சத்தம் வரும். மோதிரத்துக்குள் நுழைந்தால் நல்ல பட்டு என்பது காஞ்சிப் பட்டுக்குப் பொருந்தவே பொருந்தாது. கனமான பாவும் ஜரிகைக் கரையும் உள்ள அசல் சேலை மோதிரத்தில் நுழையாது, மெல்லிய பாலியஸ்டர் ஓடிப்போய்விடும்.

மூன்றாவது சேலை: குறையோடு எடுத்தது

மயில் கழுத்து நிறம், ஒரு பக்கம் மட்டும் பெரிய குங்குமச் சிவப்புக் கரை. 28,000 ரூபாய். நான் அதைக் கடைசியாக வைத்திருந்ததற்குக் காரணம், உடலின் நடுவில் ஒரு இடத்தில் ஊடை நூல் தடித்து ஓர் அங்குல நீளத்துக்குப் புடைத்திருந்தது.

சாய்த்துப் பார்த்தால் உடல் நிறம் மாறியது. முதல் சேலையில் பார்த்ததை வைத்து, இதுவும் அப்படித்தானோ என்று கேட்டேன். ஆயா தலையாட்டி மறுத்தாள். இந்த மயில் கழுத்து நிறமே பாவு நீலமும் ஊடை பச்சையுமாக நெய்ததால் வந்தது. உடல் நிறம் மாறலாம், கரை மாறக் கூடாது. கரையைச் சாய்த்தேன், சிவப்பு சிவப்பாகவே நின்றது.

நகத்துக்குக் கோர்வை வரப்பு பெரிய கரைப் பக்கம் தட்டியது. மறு பக்கம் தட்டவில்லை, அங்கே சின்னக் கரைதான், கோர்வை இல்லை. ஒரு பக்கக் கோர்வை என்று கடையிலும் நேர்மையாகவே சொன்னார்கள். பிட்னிப் பட்டை அகலம் முழுக்க ஒரே சீராகத் தடித்திருந்தது. பின்பக்கம் வெட்டிய நூல் முனைகள் விரலில் குறுகுறுத்தன. தேய்த்த இடமும் தேய்க்காத இடமும் ஒன்றுபோல் இருந்தன. இழுத்த இடம் விலகவில்லை.

ஓரத்தில் விரலை ஓட்டியபோது நுண்ணிய துளைகள் பட்டன. நெய்யும்போது துணி அகலத்தில் சுருங்காமலிருக்க, முனையில் ஊசி உள்ள குச்சியால் விரித்துப் பிடிப்பார்கள். சில அங்குலம் நெய்ததும் அதைக் கையால் எடுத்து முன்னால் மாற்றிக் குத்துவார்கள். அதனால் கைத்தறியில் துளைகள் கூட்டம் கூட்டமாக, கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். விசைத்தறியில் ஓரம் நெடுகிலும் இயந்திரச் சீரோடு தொடர்ந்து போகும். இதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது, கோர்வையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஜரிகைக்கு மணிக்கட்டைத் திருப்பினேன். கரையை மணிக்கட்டின் உள்பக்கத்தில் வைத்துத் தேய்த்தால், அசல் ஜரிகை குளிர்ந்து படியும், குத்தாது. பட்டு நூலின் மேல் மெல்லிய வெள்ளித் தகட்டைச் சுற்றி, அதற்குத் தங்கப் பூச்சு கொடுத்தது அது. பிளாஸ்டிக் படலத்தில் செய்த ஜரிகை முள்ளாக உரசும், மடித்துவிட்டால் நிமிர்ந்து நிற்கும். செம்புக் கம்பியில் வெள்ளி முலாம் பூசிய ஜரிகையைக் கையால் கண்டுபிடிப்பது கஷ்டம், ஆயாவாலும் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. சுரண்டினால் உள்ளே சிவப்பு நூல் தெரிந்தால் அசல் என்று சொல்வார்கள். உள்ளே இருக்கும் நூலுக்குச் சிவப்புச் சாயம் போடுவது பெரிய வேலையா? அதனால் அந்தச் சோதனையை நம்பி அதிகக் காசு கொடுக்க வேண்டாம். கருவியில் வைத்து வெள்ளியும் தங்கமும் எவ்வளவு என்று சொல்லும் சோதனை இருக்கிறது. ஜரிகைக்கென்றே பெரிய தொகை கொடுப்பவர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

பின்பக்கம் புட்டாக்களுக்கு நடுவே நீளமாக மிதக்கும் நூல்கள் இருக்கின்றனவா என்றும் விரலை வளைத்துத் தடவிப் பார்த்தோம். வளைத்த விரலில் மாட்டும் நூல் மெட்டியிலும் வளையலிலும் மாட்டும். மாட்டவில்லை.

அந்தப் புடைப்பு? பட்டு நூலில் அங்கங்கே தடிப்பு வருவது இயல்பு. குறுக்கே நூலே விட்டுப்போய்க் கோடாக வெளிச்சம் தெரிந்தால் அது குறை, தள்ளிவிட வேண்டும். நூல் தடித்திருந்தால் அந்த இடம் பலவீனமில்லை. இந்தச் சேலையில் அது கட்டும்போது கொசுவத்துக்குள் போய்விடும் இடம். ஆயா அதைக் காட்டி 1,000 ரூபாய் குறைக்கச் சொன்னாள், குறைத்தார்கள்.

சேலையில் பட்டு முத்திரை இருந்தது. 2004-இல் மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியில் வந்த முத்திரை அது. நூல் அசல் பட்டு என்பதை மட்டும் அது சொல்லும். கைத்தறியா, ஜரிகை என்ன என்பதைச் சொல்லாது. கைத்தறிக்கு 2006-இல் வந்த முத்திரை தனி. முத்திரை சொல்லாததைத்தான் கை சொல்ல வேண்டியிருக்கிறது.

வீட்டில்: நான்கு நூல்

சேலையைக் கொண்டுவந்ததும் எரித்துப் பார்ப்பது கடைசி வேலை. முந்தானையில் தொங்கும் ஒரு நூலை எரித்து, முடி கருகும் வாடை வந்தால் திருப்திப்பட்டுவிடுவார்கள். அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. பிட்னிச் சேலையில் அந்த நூல் முந்தானையின் பாவு மட்டும்தான். உடலின் பாவு வேறு, ஊடை வேறு. ஒன்று பட்டாக இருந்து இன்னொன்று வேறாக இருக்கலாம்.

நாங்கள் நான்கு நூல் எடுத்தோம். முந்தானை முனையிலிருந்து ஒரு சிவப்பு. உள்முனையில் வெட்டிய ஓரத்திலிருந்து உடலின் பாவு, ஒரு நீலம். அதே ஓரத்தில் கடைசியாக ஓடிய ஊடையை ஊசியால் நெம்பி இரண்டு அங்குலத்துக்கு ஒரு பச்சை. கரையின் பாவிலிருந்து இன்னொரு சிவப்பு. ரவிக்கைத் துணி உள்முனையில் சேர்த்தே நெய்யப்பட்டிருந்தால், அதற்கும் உடலுக்கும் ஒரே பாவா என்று கடையிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

எவர்சில்வர் தட்டின் மேல், புருவம் திருத்தும் இடுக்கியில் பிடித்து ஒவ்வொன்றாகக் கொளுத்தினோம். ஜரிகை இழை கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டு தயங்கித் தயங்கி எரியும், நெருப்பை எடுத்தால் அணையப் பார்க்கும். முடி கருகும் வாடை வரும், மிஞ்சும் கரி விரலில் பொடியாகும். பாலியஸ்டர் சுருண்டு உருகும், ஆறினால் உடைக்க முடியாத கெட்டி மணியாகும். விஸ்கோஸ் காகிதம்போல் சட்டென்று எரிந்து, காகித வாடையும் மெல்லிய சாம்பலும் விடும்.

நான்கும் பொடியாயின. ஆயா கடைசிப் பொடியைக் கட்டைவிரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இப்பக் கொண்டுபோய்க் குடு" என்றாள். பால்ஸ் அடிக்கவும் குச்சம் கட்டவும் கொடுக்கச் சொன்னாள். நான் கடையிலேயே கொடுத்துவிட்டு வரலாம் என்று சொன்னபோது அவள் தடுத்ததற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது. உள்முனையை மடித்துத் தைத்து, தொங்கும் நூலை முடிச்சுப் போட்டுவிட்டால் இந்த நான்கு நூலையும் அப்புறம் எடுக்க முடியாது.